"என்னைத் தெரியுதா?" வேண்டாமே: செட்டிநாட்டு விசேஷ வீட்டில் சிறு பிள்ளையிடம் முதல் ஐந்து நிமிடம்

சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மாவோடு வளரும் நாலு வயதுப் பிள்ளையை, கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணச் சாந்திக்கோ பிள்ளையார் நோன்புக்கோ ஊருக்குக் கூட்டி வருகிறார்கள். காரை விட்டு இறங்கினால் திண்ணையில் பத்துப் பேர், முகப்பில் பத்துப் பேர், உள்முற்றமான வளவுக்குள் இன்னும் இருபது பேர். அத்தனை பேரும் ஆசையாகத்தான் வருகிறார்கள். அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்வி: "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்!"

பிள்ளைக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? போன முறை பார்த்தபோது அதற்கு ஒன்றரை வயது. அது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிகிறது. "ரொம்ப வெட்கம்" என்கிறார் ஒருவர். "ஊர்ல யார்கூடவும் பழக விடுறதில்ல போல" என்கிறார் இன்னொருவர். தாய்க்கு முகம் சுருங்க, "சொல்லுடா, வாங்கன்னு சொல்லு" என்று பிள்ளையின் தோளை அழுத்துகிறாள். அதன்பின் அந்த மூன்று நாளும் பிள்ளை யாரிடமும் பேசாது.

செட்டிநாட்டு வீடுகளின் விசேஷங்களுக்குப் புதிதாகப் போகத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது மருமகளாகவோ மாப்பிள்ளையாகவோ இருக்கலாம், சம்பந்தி வீட்டாராகவோ நண்பராகவோ இருக்கலாம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளையைச் சந்திக்கும்போது என்ன செய்தால் அதற்குத் துணிவு வரும், மரியாதையும் தானாக வரும் என்பதுதான் விஷயம். பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் பெற்றோரிடம் இரண்டு கேள்வி

பிள்ளையிடம் போவதற்கு முன் அதன் அம்மாவையோ அப்பாவையோ தனியாகக் கேளுங்கள். வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? என்னை அது என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும்?

முதல் கேள்விக்கு இங்கே தனிக் காரணம் உண்டு. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். பாட்டியும் மருமகளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்குவார்கள். அதனால் பத்திரிகையில் ஒரு பெயரும் வீட்டில் வேறொரு பெயருமாகவே பல பிள்ளைகள் வளர்கின்றன. நீங்கள் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று பிள்ளைக்கு உறைக்காமலே போகலாம்.

இரண்டாவது கேள்வி அதைவிட அவசியம். இங்கே அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா, இரண்டு பக்கத்துத் தாத்தாவும் ஐயா, அத்தை என்பவர் அயித்தை. சென்னைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆயா என்றால் வகுப்பில் சாப்பாடு ஊட்டிவிடும் அம்மாதான். யாரை எப்படிக் கூப்பிடுவது என்று புரியாத பிள்ளை வாயைத் திறக்காது. அதை வெட்கம் என்று நினைத்துவிடுவார்கள். செட்டிநாட்டிலேயே நகரத்தார் அல்லாத வீடுகளில் முறைச்சொற்கள் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஊகிக்காமல் கேட்டுவிடுவது நல்லது.

உட்காருங்கள், கிட்டப் போகாதீர்கள்

நாலு வயதுப் பிள்ளையின் கண்மட்டம் பெரியவர்களின் இடுப்பளவுதான். நின்றபடி குனிந்து பேசினால் அதற்குத் தெரிவது மேலிருந்து இறங்கி வரும் ஒரு பெரிய முகம். திண்ணையிலோ வளவுப் படியிலோ உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைக்கு நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் இருங்கள். உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே இரண்டு கை நீளமாவது இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியைக் குறைப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

புது ஆளைக் கண்டு பயப்படுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. எட்டு மாத வாக்கில் அது தொடங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வயதுக்குள் வெகுவாகத் தணிந்துவிடும். ஆனால் சில பிள்ளைகள் பிறவியிலேயே புதிய முகம், புதிய சத்தம், புதிய இடம் எதைப் பார்த்தாலும் முதலில் பின்வாங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் முன்னே வருவார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இந்த இயல்பு நாலு மாதக் குழந்தையிடமே தென்படத் தொடங்குவதையும், எல்லோருக்கும் அது அப்படியே நிலைத்துவிடுவதில்லை என்பதையும் அவர் காட்டினார். அந்த அம்மா வளர்த்த விதத்தைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே சொல்லுங்கள், கேட்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். "நான் யாரு?" என்பது பிள்ளைக்கு ஒரு பரீட்சை. பதில் தெரியாத பரீட்சை. சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் பரீட்சை. "எத்தனையாவது படிக்கிற?", "ஒரு ரைம்ஸ் சொல்லு", "அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?" எல்லாமே அதே வகைதான். தோற்றுப் போனால் அவமானம், ஜெயித்தால் அடுத்த கேள்வி.

அதற்குப் பதிலாக நீங்கள் முதலில் வரவேற்பைக் கொடுங்கள். "வாங்க கண்ணு. நான் உங்க அப்பத்தாவோட தங்கச்சி. நீ குட்டிப் பாப்பாவா இருந்தப்ப இந்தத் திண்ணையிலதான் தவழ்ந்த. என்னைச் சின்ன அப்பத்தான்னு கூப்பிடலாம்." இவ்வளவுதான். இதில் ஒரு கேள்விகூட இல்லை. பிள்ளைக்கு மூன்று விஷயம் கிடைத்துவிட்டது: இவர் யார், இந்த வீட்டில் தனக்கு என்ன இடம், இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது.

பிள்ளையிடம் "வாங்க" என்றா சொல்வது என்று சிலர் யோசிப்பார்கள். இந்த வட்டாரத்தில் விசேஷ வீட்டுக்கு வந்தவரை ஒவ்வொருவராக "வாங்க" என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்பது கொஞ்ச நாளில் உங்களுக்கே தெரியும். "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்ற மனக்குறை வருடக்கணக்கில் ஓடும். அந்த "வாங்க" தனக்கும் உண்டு என்று கண்ட பிள்ளைதான் அதைப் பிறருக்குத் திருப்பிச் சொல்லும்.

அப்புறம் சும்மா இருங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சொல்லி முடித்த மறுநொடியே "என்ன, பேச மாட்டியா?" என்று கேட்டுவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் வாயே திறக்காத பிள்ளைகள்கூடப் பேசினார்கள், பதில்களும் நீண்டன. அது பழகிய வகுப்பறை. புது வீட்டில், புது முகத்தின் முன் நிற்கும் சின்னப் பிள்ளைக்கு நான் இன்னும் கூடுதலாகவே நேரம் கொடுக்கச் சொல்வேன். நிதானமாக நாலைந்து முறை மூச்சு விடும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வளவையோ வாசலையோ பாருங்கள்.

பதில் பேச்சாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. தலையாட்டல், ஒரு பார்வை, கையில் இருக்கும் காரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவது எல்லாமே பதில்தான். "ம், நீலக் காரு" என்று அதை வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் நல்ல வசதி. "இந்தப் பூவுல இருந்து அந்தப் பூவுக்கு உன் காரு ஓடுமான்னு பாக்கணும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லுங்கள். பேச்சு வேண்டாத ஒரு விளையாட்டு தொடங்கிவிட்டால் பேச்சு பின்னாலேயே வந்துவிடும்.

எப்போது நிறுத்துவது? முகத்தை அம்மாவின் தோளில் புதைத்தல், உதட்டை இறுக்கிக்கொள்ளுதல், அசையாமல் விறைத்து நிற்றல், சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தல் இவையெல்லாம் போதும் என்பதன் அறிகுறி. "சரி, நான் உள்ள இருக்கேன், அப்புறமா வா" என்று எழுந்து போய்விடுங்கள். அரை மணி கழித்து அதே பிள்ளை தூணுக்குப் பின்னாலிருந்து உங்களை எட்டிப் பார்க்கும். காலும் உடம்பும் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் இனி பேசலாம் என்று அர்த்தம்.

கன்னமும் கையும்

கன்னத்தைக் கிள்ளாதீர்கள். கேட்காமல் தூக்காதீர்கள். "உங்கம்மாவை விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துர்றியா, தூக்கிட்டுப் போயிரவா?" என்ற விளையாட்டும் வேண்டாம், நாலு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை. நிறம், ஒல்லி, குண்டு பற்றிப் பிள்ளை காதில் விழும்படி பேசாதீர்கள்.

தொட ஆசையாக இருந்தால் கையை விரித்துக் காட்டி, "கை குடுக்கிறியா, இல்ல கும்பிடுறியா, இல்ல டாட்டாவா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் வணக்கம் சொல்வது உறுதியாகிவிடுகிறது, எப்படிச் சொல்வது என்பது மட்டும் பிள்ளையின் விருப்பம். மரியாதை பேரம் பேசக்கூடியதல்ல என்பதையும், தன் உடம்பு தன்னுடையது என்பதையும் பிள்ளை ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறது. பிடிக்காத தொடுகையை மறுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் நடுவில் பழகிய பிள்ளைதான் வெளியிலும் அப்படி மறுக்கும். வயதான ஆயா முத்தம் கேட்டுப் பிள்ளை மறுத்தால், பெற்றோர் ஆயாவின் கையைத் தாங்களே பிடித்துக்கொண்டு, "இப்ப கும்பிடு போடுவான் ஆயா, பழகுனதும் அவனே வருவான்" என்று சொன்னால் போதும். ஆயாவுக்கு வேண்டியது பிள்ளை தன்னைப் புறக்கணிக்கவில்லை என்ற நிறைவுதான்.

பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட்டுத் திருநீறு வாங்கும் சமயங்களில் பிள்ளையைத் தனியாக முன்னே தள்ளாதீர்கள். அப்பாவும் அம்மாவும் விழும்போது நடுவில் அதுவும் விழட்டும். முதல் முறை சும்மா நின்றாலும் பரவாயில்லை. பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

பெற்றோருக்கு

ஊருக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். கைப்பேசியில் நாலே நாலு பேரின் படத்தைக் காட்டுங்கள். ஐயா, அப்பத்தா, ஒரு அயித்தை, கூட விளையாடக்கூடிய ஒரு அண்ணன். நாற்பது பேரையும் காட்டினால் யாருமே மனதில் நிற்க மாட்டார்கள். அப்புறம் வாசல் விளையாட்டு. பிள்ளை வெளியே போய்க் கதவைத் தட்டட்டும், நீங்கள் "வாங்க வாங்க" என்று திறங்கள். அடுத்த முறை நீங்கள் வெளியே, அது வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை ஆடினாலே அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

விசேஷ வீட்டில் யாராவது "வெட்கமா?" என்று கேட்டால் ஆமாம் போடாதீர்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. நாலு பேர் முன் அம்மாவே சொன்ன குணத்தை அது தன் பெயரைப்போல எடுத்துக்கொள்ளும். "முதல்ல பாத்துக்குவான், அப்புறம் பேசுவான்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட. "வாங்கன்னு சொல்லு" என்று தூண்டுவதற்குப் பதில், நீங்களே பிள்ளையின் பக்கத்தில் நின்று, அதற்கும் சேர்த்து "வாங்க அயித்தை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வந்த அயித்தைக்கும் குறையில்லை, பிள்ளைக்கும் ஒரு பாடம்.

பாராட்டும்போது "சமத்து", "நல்ல பிள்ளை" என்பதோடு நிறுத்தாமல், அது செய்ததைச் சொல்லுங்கள். "நீ கும்பிடு போட்டதும் ஐயா எப்படிச் சிரிச்சாங்க பாத்தியா?" சமத்து என்ற பட்டத்தை அடுத்த முறை இழந்துவிடுவோமோ என்ற பயம் பிள்ளைக்கு வரும். செய்த காரியத்தைச் சொன்னால் அதைத் திரும்பச் செய்யத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக்கின் ஆய்வுகள் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் இதே போக்கைக் காட்டியிருக்கின்றன. திறமைக்காகப் புகழப்பட்ட பிள்ளைகளைவிட முயற்சிக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பிறகும் விடாமல் முயன்றார்கள்.

ஒரு கல்யாண வீட்டில்

நாலரை வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வருகிறான். காரிலேயே அம்மா சொல்லிவிட்டாள்: "உள்ள நிறையப் பேர் இருப்பாங்க. நீ என் கையைப் பிடிச்சுக்கலாம். ரெண்டு பேருக்கு மட்டும் கும்பிடு. ஐயாவுக்கு, அப்பத்தாவுக்கு." ரெண்டு பேர் என்ற கணக்கு பிள்ளைக்குப் பிடிபடுகிறது. ஐயாவுக்குக் கும்பிடு போட்டான். அப்பத்தாவைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டான். அம்மா "வாங்கன்னு அப்பத்தா கேக்குறாங்க பாரு. நாங்க நல்லா இருக்கோம் அப்பத்தா" என்று அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டாள். அதோடு விட்டாள். அது முக்கியம்.

அப்பத்தாவும் விவரமானவர். துரத்தவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். பையன் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தான். "இங்க ஒரு ஆளு வேணுமே" என்றார் அப்பத்தா, யாரையும் பார்க்காமல். அவன் வந்து உட்கார்ந்தான். ஒரு வெற்றிலை, இரண்டு பாக்கு, அடுத்த தட்டு. பத்துத் தட்டு ஆனதும், "அப்பத்தா, இது கிழிஞ்சிருக்கு" என்றான். முதல் வார்த்தை அதுதான்.

சாயங்காலம் வாசலில் சந்தனம், பன்னீர்ச்செம்பு, கற்கண்டு வைத்து வந்தவர்களை வரவேற்கும் இடத்தில், ஒரு பெரிய பெண்ணின் பக்கத்தில் கற்கண்டுத் தட்டோடு அவனை நிறுத்தினார்கள். சின்னத் தட்டு, பாதியளவு கற்கண்டு, கொட்டினாலும் பயமில்லை. சொல்ல வேண்டியது "வாங்க" என்ற ஒரே சொல். முதல் நாலைந்து பேருக்கு அந்தப் பெண் சொன்னாள், இவன் தட்டை நீட்டினான். அப்புறம் அவனே சொல்லத் தொடங்கிவிட்டான். கையில் ஒரு பொருளும் வாயில் ஒரு சொல்லும் இருந்தால் நாலு வயதுக்குத் தன்னை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் குறைகிறது. பார்வை தட்டின்மேல் போய்விடுகிறது. காலையில் "வாங்கன்னு சொல்லு" என்று பத்துப் பேர் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கால் மணி நேரம் போதும், அதற்குமேல் நிறுத்தினால் களைத்து அழும்.

இது போதாத இடங்கள்

ஒன்றரை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் இதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அம்மா இடுப்பில் இருக்கும்போது தூரத்திலிருந்து சிரித்துவிட்டுப் போவதே அதற்குச் சரியான வரவேற்பு. கண்ணைப் பார்த்துப் பேசச் சிரமப்படும் பிள்ளைகளும் உண்டு. "என் கண்ணைப் பாத்துச் சொல்லு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆசிரியரிடமும் மற்ற பிள்ளைகளிடமும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றால் அது வெறும் கூச்சம் இல்லாமல் இருக்கலாம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் குழந்தை நல மருத்துவரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ காட்டுங்கள். பிடிவாதம் என்று நினைத்து மிரட்டினால் அது இன்னும் இறுகிப்போகும்.

கிளம்பும்போது

விடைபெறுவதையும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். பிள்ளை காரில் ஏறியபின் கண்ணாடி வழியாக "டாட்டா சொல்லு, டாட்டா சொல்லு" என்று பத்துப் பேர் தட்டுவதில் பயனில்லை. கிளம்புவதற்குக் கால் மணி முன்பே பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய், "நீங்க கிளம்புறீங்களாமே, போயிட்டு வாங்க" என்று நீங்கள் சொல்லுங்கள். இங்கே யாரும் "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள், "போயிட்டு வர்றேன்" என்பார்கள். அதைச் சொல்லித்தர இதுதான் சரியான நேரம். பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் அப்பா முதலில் சொல்லட்டும்: "போயிட்டு வர்றோம் அப்பத்தா." பிள்ளை பின்னாலேயே சொன்னால் நல்லது. சொல்லாமல், தன் கையில் இருக்கும் கற்கண்டை உங்களிடம் நீட்டினால் அதை வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.